மாதத்துக்கு 180 மணியா, 195 மணியா? தென்னாப்பிரிக்கச் சம்பளக் கணக்கில் காணாமல் போகும் 15 மணி

டர்பன் பக்கம் கடையிலோ சமையலறையிலோ வீட்டு வேலையிலோ இருக்கிற நம்மவர்களில் பலருக்கு வேலை வாரக் கணக்கு, சம்பளம் மாதக் கணக்கு. இரண்டையும் இணைக்கும் இடத்தில்தான் பணம் நழுவுகிறது.

சாட்ஸ்வொர்த்தில் ஒரு மசாலாக் கடையை எடுத்துக்கொள்வோம். விற்பனைக்கு நிற்கிற அக்காவுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 5 வரை வேலை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. சனிக்கிழமை 8 முதல் 1 வரை. இடைவேளைக்குக் கூலி கிடையாது என்பதால் அதைக் கழித்தால் வாரத்துக்கு 45 மணி. மாதச் சம்பளம் 5,400 ராண்ட். "குறைந்தபட்சக் கூலிக்கு மேலேயேதான் தருகிறேன்" என்று முதலாளி ஒரு தாளில் போட்டுக் காட்டுகிறார்:

45 × 4 = 180
5400 ÷ 180 = 30

இந்த உதாரணத்துக்கு 2025ஆம் வருடக் கணக்கை எடுப்போம்: அந்த மார்ச் 1 முதல் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. 30 அதைவிட அதிகம், அப்போ சரிதானே என்று தோன்றும். சரியில்லை. பிழை முதல் வரியிலேயே இருக்கிறது.

நாலு வாரம் என்றால் 28 நாள். பிப்ரவரி தவிர எந்த மாதமும் 28 நாளில் முடிவதில்லை. மாதத்துக்கு நாலு வாரம் என்று வைத்தால் வருடத்துக்கு 48 வாரம்தான் ஆகிறது. ஆனால் அந்த அக்கா 52 வாரமும் கடையில் நிற்கிறார், அல்லது சம்பளத்துடன் கூடிய விடுப்பில் இருக்கிறார். அதனால் வருடக் கணக்கிலிருந்துதான் மாதத்துக்கு வரவேண்டும்:

45 × 52 ÷ 12 = 195

இது சட்டத்திலேயே இருக்கும் கணக்கு. 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிலைமைகள் சட்டத்தின் 35ஆவது பிரிவு, மாதக் கூலி என்பது வாரக் கூலியைப் போல 4⅓ மடங்கு என்று சொல்கிறது. 52ஐ 12ஆல் வகுத்தால் வருவதும் அதே எண்தான்.

இப்போது அந்த 5,400ஐ 195ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 27.69 ராண்ட். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே போய்விட்டது. 195 மணிக்கு 28.79 வீதம் அவருக்கு வரவேண்டியது 5,614.05 ராண்ட். மாதாமாதம் 214.05 ராண்ட் குறைகிறது.

மணிக் கூலி 28.79 என்றே ஒப்புக்கொண்டு, அதை 180ஆல் பெருக்கித் தருகிற இடங்களில் இழப்பு இன்னும் பெரிது. கைக்கு வருவது 5,182.20. மாதம் 431.85 வீதம் வருடத்தில் விடுபடுவதும் சரியாக 5,182.20. அதாவது முழுசாக ஒரு மாதச் சம்பளம். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

பகுதிநேர வேலைக்கும் இதே வழிதான். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 8 மணி வீட்டு வேலை செய்கிறவருக்கு மாதம் 96 மணி அல்ல, 104 மணி. வாராவாரம் கூலி வாங்குகிறவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஐந்து சம்பள நாள் வருகிற மாதங்களில் அந்த மிச்சம் தானாக வந்துவிடும். மணி நேரமோ சம்பளமோ வாரத்துக்கு வாரம் நிறைய மாறினால், கடந்த 13 வாரத்தின் சராசரியை எடுக்கச் சட்டம் சொல்கிறது.

ஓவர்டைமுக்கு வரும்போது இதே 195 வேறு மாதிரி வேலை செய்யும். 7,800 ராண்ட் மாதச் சம்பளத்தை 195ஆல் வகுத்தால் மணிக்கு 40, ஒன்றரை மடங்கு ஓவர்டைம் 60. 180ஆல் வகுத்தால் ஓவர்டைம் 65 ஆகும். 65 நமக்கு லாபமாகத் தெரிந்தாலும் சரியான எண் 60தான். கவனிக்க வேண்டியது, குறைந்தபட்சக் கூலியைக் காட்டும்போது 180ஆலும் ஓவர்டைம் போடும்போது 195ஆலும் வகுக்கிறார்களா என்பதை. அப்படிச் செய்தால் இரண்டு இடத்திலும் முதலாளி தனக்குச் சாதகமான எண்ணையே எடுக்கிறார் என்று அர்த்தம்.

உங்கள் சம்பளச் சீட்டில் வேலையிழப்புக் காப்பீடான யுஐஎஃப் பிடிப்பதற்கு முந்தைய அடிப்படைச் சம்பளத்தை எடுங்கள். பஸ் காசு, சாப்பாடு, தங்குமிடம், டிப்ஸ், போனஸ் எதையும் அதில் சேர்க்காதீர்கள், இவை குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் வராது. உங்கள் வார மணியை 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்து, வரும் எண்ணால் அந்தச் சம்பளத்தை வகுங்கள். கிடைப்பது அந்த வருடத்தின் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாக இருந்தால், முதலில் இந்தக் கணக்கை எழுதி முதலாளியிடம் கொடுங்கள். பலர் தெரியாமலேதான் நாலு வாரம் போடுகிறார்கள். மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்திலோ, தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏ அமைப்பிலோ புகார் கொடுக்கலாம். சம்பளச் சீட்டுகளும், தினமும் வந்த நேரமும் போன நேரமும் நீங்களே குறித்துவைத்த நோட்டும் கையில் இருக்கட்டும்.