ஒரே குற்றச்சாட்டு, இரண்டு தீர்ப்பு: தி ஹேக் எப்போது வழக்கைத் தன் கையில் எடுக்கும்?

இலங்கைப் போரைப் பற்றிச் சென்னையில் எந்தக் கூட்டம் நடந்தாலும், சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு வழக்கு போக வேண்டும் என்ற கோரிக்கை கட்டாயம் எழும். உள்நாட்டிலேயே விசாரித்துக்கொள்கிறோம் என்பது கொழும்பின் பதில். இந்த வாதத்தில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் கலந்துபோகின்றன. நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இருக்கும் அந்தச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இலங்கைக்குள் நுழைய வழி இருக்கிறதா என்பது முதல் கேள்வி. வழி இருந்தாலும், உள்ளூர் நீதிமன்றத்தை ஒதுக்கிவிட்டு அது வழக்கை எடுக்கலாமா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கான பதில் சுருக்கமானது. அந்த நீதிமன்றத்தை அமைத்த ஒப்பந்தம், 1998இல் உருவாகி 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ரோம் சாசனம். அதில் ஒரு நாடு சேர்ந்திருக்க வேண்டும். அதாவது குற்றத்தில் ஒரு பங்காவது அப்படிச் சேர்ந்த நாட்டின் மண்ணில் நடந்திருக்க வேண்டும். அல்லது குற்றம் சாட்டப்பட்டவர் சேர்ந்த நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால், அந்த நாடே அதிகாரத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும், அல்லது ஐ.நா. பாதுகாப்பு அவை அனுப்பிவைக்க வேண்டும். இலங்கை அந்தச் சாசனத்தில் சேரவில்லை. இந்தியாவும் சேரவில்லை.

இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்வியைப் பற்றியது. சட்டக்காரர்கள் இதை நிரப்புநிலைக் கோட்பாடு என்கிறார்கள். விசாரிக்கும் முதல் உரிமையும் முதல் பொறுப்பும் அந்தந்த நாட்டுக்கே உரியவை. நாடு செய்யாமல் விட்ட இடத்தை நிரப்பத்தான் தி ஹேக் வருகிறது. சாசனத்தின் 17ஆவது பிரிவு இதை விவரிக்கிறது. ஆனால் அதை வாசிப்பதைவிட, லிபியா வழக்கைப் பின்தொடர்ந்தால் எளிதாகப் புரியும். ஒரே நாடு, ஒரே எழுச்சி, ஏறக்குறைய ஒரே குற்றச்சாட்டு. அதில் ஒருவரை தி ஹேக் தனக்குரியவர் என்றது, மற்றவரை லிபியாவிடமே விட்டது.

2011 பிப்ரவரியில் லிபியாவில் கடாஃபிக்கு எதிராக மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பாதுகாப்புப் படைகள் அவர்களைச் சுட்டன. பிப்ரவரி 26 அன்று பாதுகாப்பு அவை தன் 1970ஆம் எண் தீர்மானத்தின் வழியாக லிபியாவை தி ஹேக்குக்கு அனுப்பியது. அப்போது அவையின் தற்காலிக உறுப்பினராக இருந்த இந்தியா உட்பட 15 நாடுகளும் ஆதரவாக வாக்களித்தன. ஜூன் 27இல் மூவருக்குப் பிடிவாரண்ட் பிறந்தது: முஅம்மர் கடாஃபி, அவர் மகன் சைஃப் அல்-இஸ்லாம், உளவுத்துறைத் தலைவர் அப்துல்லா அல்-செனூசி. கொலை, துன்புறுத்தல் ஆகிய மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் அவர்கள்மேல் சுமத்தப்பட்டன. தந்தை அக்டோபரில் கொல்லப்பட்டார். மகனை நவம்பரில் ஸிந்தான் நகரத்து ஆயுதக்குழு ஒன்று பிடித்துத் தன் காவலில் வைத்துக்கொண்டது. தப்பிப்போயிருந்த செனூசியை 2012 செப்டம்பரில் மொரிட்டானியா லிபிய அரசிடம் ஒப்படைத்தது.

புதிய லிபிய அரசு இருவரையும் தானே விசாரிக்க விரும்பியது. அதனால் வழக்கு தி ஹேக்குக்கு ஏற்புடையதல்ல என்று தனித்தனியாக மனு போட்டது.

இங்கே நீதிபதிகள் முதலில் கேட்டது, லிபியா நல்ல நாடா, அதன் நீதிமன்றங்கள் நேர்மையானவையா என்றல்ல. இந்த ஆளை, இந்தச் செயலுக்காக, உண்மையிலேயே யாராவது விசாரித்துக்கொண்டிருக்கிறார்களா என்றுதான் கேட்டார்கள். காங்கோவின் ஆயுதக்குழுத் தலைவர் ஜெர்மைன் கடாங்கா வழக்கில் இந்த வரிசை 2009இலேயே உறுதியாகியிருந்தது. அவர் காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் காவலில் இருந்தார். ஆனால் தி ஹேக் குற்றம் சாட்டிய பொகோரோ கிராமத் தாக்குதலுக்காக அங்கே அவர்மேல் வழக்கு நடக்கவில்லை. நாடு எதுவுமே செய்யாதபோது, அதற்கு விருப்பம் இருக்கிறதா, திறன் இருக்கிறதா என்ற பேச்சுக்கே இடமில்லை, வழக்கு நேராக தி ஹேக்குக்கு உரியது என்று தி ஹேக்கின் மேல்முறையீட்டு அமர்வு சொல்லிவிட்டது.

நாங்கள் விசாரிக்கிறோம் என்று ஒரு கடிதம் எழுதினால் போதாது. நிரூபிக்கும் பொறுப்பு மனு போட்ட நாட்டுக்கே உரியது. யாரிடம் வாக்குமூலம் வாங்கினீர்கள், எந்த ஆவணத்தைத் தேடினீர்கள், எந்தச் சம்பவத்தைப் பற்றி என்று காட்ட வேண்டும். குற்றத்தின் பெயர் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. லிபியச் சட்டத்தில் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்ற பிரிவு இல்லை. சாதாரணக் கொலை, சித்திரவதைப் பிரிவுகளில் வழக்குப் போட்டாலும் போதும் என்று நீதிபதிகள் ஏற்றார்கள். செயல் ஒன்றாக இருந்தால் சரி.

இலங்கை விவாதத்தில் அடிக்கடி தவறவிடப்படுவது இதுதான். 2010இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, பின்னர் சட்டம் போட்டு உருவாக்கிய காணாமல் போனோர் அலுவலகம் ஆகியவற்றை உள்நாட்டு விசாரணை என்று சொல்கிறார்கள். தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு அவை ஏதாவது ஒரு தகவலைத் தரக்கூடும். ஆனால் குறிப்பிட்ட ஒருவரின் குற்றப் பொறுப்பைத் தேடி நீதிமன்றத்தில் நிறுத்தும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. 17ஆவது பிரிவின் அளவுகோலில் அவை விசாரணையாகவே எண்ணப்படாது என்பது என் கருத்து.

லிபியாவுக்குத் திரும்பலாம். 2013 மே 31 அன்று தி ஹேக்கின் முன்விசாரணை அமர்வு சைஃப் வழக்கில் தீர்ப்பு சொன்னது. லிபியா சில நடவடிக்கைகளை எடுத்திருப்பதை நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அங்கே நடப்பது எந்த வழக்கு, எதுவரைக்கும் போகிறது என்பதே கொடுத்த ஆதாரங்களிலிருந்து தெளிவாகத் தெரியவில்லை என்றார்கள். திறன் பற்றிய சிக்கல் அதைவிடப் பெரியது. அரசு எவ்வளவு கேட்டும் ஸிந்தான் குழு அவரைத் தலைநகர் திரிபோலிக்கு அனுப்பவில்லை. சில சிறைகள் அரசின் பிடியில் இல்லாததாலும் சாட்சிகளுக்குப் பாதுகாப்பு கொடுக்க முடியாததாலும் தேவையான வாக்குமூலங்கள் கிடைக்கவில்லை. அவருக்கு ஒரு வழக்கறிஞரைக்கூட அமர்த்த முடியவில்லை. நீதி அமைப்பு முழுதாகவோ பெருமளவிலோ குலைந்து, அதனால் ஆளையோ சாட்சியத்தையோ பெற முடியாமல் போவதைத்தான் சாசனம் இயலாமை என்கிறது. அந்த அமைப்பு நாட்டுக்குக் கைக்கெட்டாமல் போனாலும் அப்படியே. ஆகவே சைஃப் வழக்கு தி ஹேக்குக்கு உரியது.

நான்கு மாதங்கள் கழித்து, அக்டோபர் 11 அன்று, அதே அமர்வு செனூசி வழக்கில் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. அவர் அரசின் சிறையிலேயே இருந்தார். பெங்காஸியில் நடந்த கொலைகளைப் பற்றிய சாட்சி வாக்குமூலங்களையும் ஆவணங்களையும் லிபியா கொண்டுவந்து காட்டியது. தி ஹேக்கின் பிடிவாரண்ட்டும் அவரைப் பொறுத்தவரை பெங்காஸியில் சில நாட்கள் நடந்த சம்பவங்களோடு நின்றதால், இரண்டு வழக்குகளையும் ஒப்பிடுவது எளிதாக இருந்தது. அவருக்கும் வழக்கறிஞர் கிடைக்கவில்லைதான். இருந்தாலும் அந்தக் குறை மட்டும் அந்தக் கட்டத்தில் விசாரணையை நிறுத்திவிடாது என்று நீதிபதிகள் கருதினார்கள்.

செனூசியின் தரப்பு மேல்முறையீடு செய்தது. வழக்கறிஞர் இல்லாமல், மரண தண்டனை நிச்சயம் என்ற நிலையில் நடக்கும் விசாரணையை உண்மையான விசாரணை என்று எப்படிச் சொல்ல முடியும் என்பது அவர்கள் வாதம். மனித உரிமை அக்கறையுள்ள யாருக்கும் அது நியாயமாகவே படும்.

மேல்முறையீட்டு அமர்வு 2014 ஜூலை 24 அன்று அதை ஏற்க மறுத்தது. சென்னை வாசகர்கள் இதைப் புரிந்துகொள்ள நமக்குத் தெரிந்த ஒரு வழக்கே போதும். ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கை 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றியது. 2001இல் அவர் மறுபடி முதல்வரான பிறகு, ஏற்கெனவே சாட்சி சொன்ன பலர் திரும்ப அழைக்கப்பட்டு முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசுத் தரப்பு அதை எதிர்க்கவில்லை. வழக்கை நடத்த வேண்டியவர்களே அதைத் தளர விடுகிறார்கள் என்ற நியாயமான அச்சம்தான் இடமாற்றத்துக்குக் காரணம். 17ஆவது பிரிவு சொல்லும் விருப்பமின்மையும் இதே திசையில்தான் பார்க்கிறது: குற்றம் சாட்டப்பட்டவரைக் காப்பாற்றப் போடும் வழக்கு, நியாயமில்லாத தாமதம், தண்டனை கிடைக்காதபடி நடத்தும் விசாரணை. (ஒரு வேறுபாடு உண்டு. உச்ச நீதிமன்றம் சென்னை நீதிமன்றத்துக்கு மேலே இருப்பது. தி ஹேக் எந்த நாட்டு நீதிமன்றத்துக்கும் மேல்முறையீட்டு மன்றமல்ல.)

செனூசியின் புகார் எதிர்த்திசையில் இருந்தது. தன் அரசு தன்னைக் காப்பாற்றுகிறது என்று அவர் சொல்லவில்லை. தன்னை அநியாயமாகத் தண்டிக்கப்போகிறது என்றார். அதைச் சரிபார்ப்பது தன் வேலையல்ல என்றது அமர்வு. ஒரே ஒரு விதிவிலக்கை வைத்தது: உரிமை மீறல்கள் மிகக் கொடியவையாகி, அந்த விசாரணையால் எந்த உண்மையான நீதியும் தர முடியாது என்றாகிவிட்டால் மட்டும் தலையிடலாம். அந்த வரம்பு மிக உயரம்.

இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் சாசனத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் தீர்ப்பு தவறென்று சொல்ல முடியவில்லை. ரோமில் கூடிய நாடுகள் தங்கள் நீதிமன்றங்களுக்கு மதிப்பெண் போடும் அதிகாரத்தை ஒரு வெளி நீதிமன்றத்துக்குக் கொடுக்கச் சம்மதித்திருக்க மாட்டார்கள். குற்றவாளி தப்பிக்கக் கூடாது என்பதில்தான் அவர்களால் உடன்பட முடிந்தது.

அப்புறம் நடந்தது இந்த முறையின் எல்லையைக் காட்டுகிறது. சைஃபை ஒப்படைக்க வேண்டும் என்ற கடமை லிபியாவுக்கு இருந்தும், 2015 ஜூலை 28 அன்று திரிபோலி நீதிமன்றம் அவருக்கும் செனூசிக்கும் ஒரே வழக்கில் மரண தண்டனை விதித்தது. சைஃப் ஸிந்தானிலேயே இருந்தார். சில அமர்வுகளில் காணொளி வழியாக மட்டுமே தோன்றினார். அந்த விசாரணை சர்வதேசத் தரத்தை எட்டவில்லை என்று ஐ.நா. 2017இல் அறிக்கை வெளியிட்டது. இதற்கிடையே ஸிந்தான் குழு ஒரு பொதுமன்னிப்புச் சட்டத்தைக் காட்டி சைஃபை விடுவித்துவிட்டது.

2018இல் சைஃபே ஒரு மனு போட்டார். திரிபோலியில் ஒருமுறை தீர்ப்பாகிவிட்டது, ஒரே செயலுக்கு இரண்டு முறை விசாரிக்கக் கூடாது என்றார். 2020 மார்ச்சில் மேல்முறையீட்டு அமர்வு அதை நிராகரித்தது. ஆள் முன்னிலையில் இல்லாமல் கொடுத்த தண்டனை லிபியச் சட்டப்படியே இறுதியானதல்ல. அவர் பிடிபட்டால் வழக்கு புதிதாக நடக்க வேண்டும். இறுதியாகாத தீர்ப்பு தி ஹேக்கின் கதவை அடைக்காது. வழக்கு தி ஹேக்குக்கு உரியது என்று இப்படி மறுபடி உறுதியானது. ஆனால் தனக்கென்று காவல்துறை இல்லாத அந்த நீதிமன்றத்தின் முன் அவர் ஒருநாளும் நிறுத்தப்படவில்லை.