தொடாமலே அழுத்தத்தை உணரும் விசைகள்

ஒரு வாசகியின் கேள்வி இது: "என் கீபோர்டில் 'k' ஒருமுறை தட்டினால் இரண்டு விழுகிறது. ஆப்டிகல் கீபோர்டு வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காது என்கிறார்கள். கெபாசிட்டிவ் என்று வேறொன்றும் இருக்கிறதாம். உலோகம் உலோகத்தைத் தொடாமல் அழுத்தியது எப்படித் தெரியும்?"

முதலில் அந்த இரட்டை 'k'. மெக்கானிக்கல் ஸ்விட்சுக்குள் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கின்றன. அழுத்தும்போது அவை ஒன்றையொன்று தொடுகின்றன. தொட்டதும் அப்படியே நின்றுவிடுவதில்லை. தரையில் விழுந்த சில்லறைக் காசு போலச் சில முறை துள்ளி, அப்புறம்தான் அடங்கும். செர்ரி எம்.எக்ஸ். ஸ்விட்சுகளில் இந்தத் துள்ளல் 5 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும் என்பது தயாரிப்பாளர் தரும் அளவு. கீபோர்டுக்குள் இருக்கும் மென்பொருள் அந்த நேரத்தில் வரும் சலனங்களை ஒதுக்கிவிடும். தூசியோ துருவோ படிந்து துள்ளல் அதைவிட நீண்டால், மிச்சத் துள்ளலை இன்னொரு அழுத்தம் என்று எண்ணிவிடும். உங்கள் இரண்டாவது 'k' பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

ஆப்டிகல் ஸ்விட்சில் தகடுகளே கிடையாது. ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்.இ.டி., எதிர்ப்பக்கம் ஒளி பட்டால் மின்னோட்டத்தை விடும் ஃபோட்டோடிரான்சிஸ்டர். நடுவில் விசையின் பிளாஸ்டிக் தண்டு. அழுத்தும்போது தண்டு கீழிறங்கி ஒளியை மறைக்கும். சில வடிவமைப்புகளில் நேர்மாறாக, அழுத்தும்போது வழி திறந்து ஒளி பாயும். டிவி ரிமோட்டின் முனையில் இருப்பது போன்ற எல்.இ.டி.தான் இதுவும்.

"ஒளியின் வேகத்தில் பதிவு செய்யும்" என்று விளம்பரம் செய்கிறார்கள். இதை நம்பிப் பணம் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஸ்விட்சுக்குள் ஒளி கடக்கும் தூரம் சுமார் 3 மில்லிமீட்டர். அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. விசை கீழிறங்கவோ பல மில்லிநொடிகள் ஆகின்றன. இதில் ஒளியின் வேகத்தால் யாருக்கும் எந்த லாபமும் இல்லை. உண்மையான லாபம் துள்ளல் இல்லாததுதான்; காத்திருக்க வேண்டிய 5 மில்லிநொடி மிச்சம். அதிலும், முதல் தொடுகையை உடனே பதிவு செய்துவிட்டு அதற்குப் பின் வரும் துள்ளலை மட்டும் ஒதுக்கும் மென்பொருள் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டோடு ஒப்பிட்டால், அந்த வித்தியாசமும் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆப்டிகலை வாங்க நல்ல காரணம், தேய்ந்து துருப்பிடிக்கத் தொடுமுனையே அதில் இல்லை என்பது.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: கெபாசிட்டிவ் விசை.

பள்ளியில் படித்த C = εA/d நினைவிருக்கும். இரண்டு தகடுகளின் பரப்பு கூடினால் அவை மின்னூட்டத்தைத் தேக்கும் திறன், அதாவது மின்தேக்குதிறன் கூடும். இடைவெளி குறைந்தாலும் கூடும். அப்படியென்றால் மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு வைத்து, விசையை அழுத்தி நெருக்கினால் போதாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். தகட்டின் பரப்பு அரை சதுர சென்டிமீட்டர். இடையில் காற்று. 4 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் மின்தேக்குதிறன் சுமார் 0.11 பிகோஃபாரட். பாதி தூரம் அழுத்தி 2 மில்லிமீட்டருக்கு வந்தால் 0.22. கடைசியில் 0.1 மில்லிமீட்டருக்கு வந்தால் 4.4. அதாவது முதல் பாதியில் கிட்டத்தட்ட ஒன்றும் நடப்பதில்லை, ஏற்றம் முழுவதும் கடைசி நொடியில் குவிந்துவிடுகிறது. பாதி வழியில் "அழுத்தியாயிற்று" என்று சொல்ல வேண்டிய கீபோர்டுக்கு இது சரிப்படாது.

ஜப்பானின் டோப்ரே நிறுவனத்தின் விசைகளில் இதற்கு ஓர் அழகான விடை இருக்கிறது. கார்களுக்கான உலோகப் பாகங்கள் செய்யும் நிறுவனம் அது. 2001-இல் ரியல்ஃபோர்ஸ் என்ற கீபோர்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு ரப்பர் குமிழி, குமிழிக்குள் கூம்பு வடிவில் ஒரு சிறிய ஸ்பிரிங். அதன் அகன்ற வாய் சர்க்யூட் போர்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. போர்டில் அரைவட்டமாக இரண்டு செப்புப் பட்டைகள், மேலே மெல்லிய காப்புப் பூச்சு. ஸ்பிரிங் செப்பைத் தொடவே தொடாது. இடையில் எப்போதும் அந்தப் பூச்சு இருக்கும்.

ஏன் கூம்பு? ஒரே கம்பியைச் சுருட்டும்போது அகன்ற சுற்று நெகிழ்வாக இருக்கும், குறுகிய சுற்று விறைப்பாக இருக்கும். விறைப்பு விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேர்மாறு. எனவே அழுத்தும்போது எல்லாச் சுற்றுகளும் ஒன்றாக நசுங்குவதில்லை. அடியில் உள்ள அகன்ற சுற்று முதலில் போர்டில் படிந்து படுக்கிறது, அடுத்து அதற்குள் இருக்கும் சுற்று, அதற்கப்புறம் அடுத்தது. கிணற்றடியில் கயிற்றை இறக்கி வைக்கும்போது வட்டத்துக்குள் வட்டமாகப் படிவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்று படியும்போதும் பட்டைக்கு அருகில் இருக்கும் உலோகத்தின் பரப்பு கொஞ்சம் கூடுகிறது. இடைவெளியை நம்பியிருந்த மாற்றம் இப்போது பரப்பால் நடக்கிறது. கடைசியில் திடீரென்று எகிறாமல், விரல் இறங்க இறங்க மின்தேக்குதிறன் படிப்படியாக ஏறுகிறது. ஒரு கம்பியை எப்படிச் சுருட்டுகிறோம் என்பதே ஒரு சமன்பாட்டின் சிக்கலைத் தீர்த்துவிட்டது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று நான் வெகுநேரம் ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அளப்பது இப்படி: ஒரு பட்டைக்குச் சிறு மின்துடிப்பு ஒன்றை அனுப்புகிறார்கள். அது ஸ்பிரிங் வழியாக அடுத்த பட்டைக்குத் தாவுகிறது. ஸ்பிரிங் எவ்வளவு படிந்திருக்கிறதோ, அவ்வளவு மின்னூட்டம் மறுபக்கம் வந்து சேரும். அதைப் பெருக்கி, எண்ணாக்கி, பிறகு பட்டையை வெறுமையாக்கிவிட்டு அடுத்த விசைக்குப் போகிறார்கள். கிடைப்பது ஆம், இல்லை என்ற விடை அல்ல. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற எண். அதனால்தான் ரியல்ஃபோர்ஸின் சில மாடல்களில் 1.5, 2.2, 3 மில்லிமீட்டர் என்று பதிவாகும் ஆழத்தைப் பயனரே மாற்றிக்கொள்ள முடிகிறது. ஸ்விட்சில் எதுவும் மாறவில்லை, ஒப்பிடும் எண் மட்டும்தான் மாறுகிறது.

எண் என்றால் அதில் இரைச்சலும், அதாவது சிறு ஏற்ற இறக்கமும் இருக்கும். விரல் சரியாக எல்லைக்கோட்டில் நின்று நடுங்கினால் எழுத்து கொட்டிக்கொண்டே இருக்காதா? அதனால் கோடு இரண்டு. அழுத்தியதாகக் கொள்ள மேல் கோட்டைத் தாண்ட வேண்டும். விட்டதாகக் கொள்ள அதற்குக் கீழே உள்ள இன்னொரு கோட்டுக்கு இறங்க வேண்டும். ஒளி அளவை எண்ணாகப் படிக்கும் ஆப்டிகல் கீபோர்டுகளுக்கும் இதே ஏற்பாடு வேண்டும்.

இவற்றிலும் கோளாறு வரும். ஆப்டிகலில் ஒளிப்பாதையில் தூசியோ தேநீரோ படிந்தால் ஒளி மங்கும். விசை அழுத்தாமலே அழுத்தியது போலவோ, அழுத்தியும் செத்தது போலவோ நிற்கும். பஞ்சால் துடைத்ததும் உயிர் வந்தால் அதுதான் காரணம். கெபாசிட்டிவுக்குப் பெரிய எதிரி தண்ணீர். அதன் மின்காப்பு மாறிலி, அதாவது அந்தச் சமன்பாட்டின் ε, காற்றைப் போல ஏறக்குறைய 80 மடங்கு. பட்டைகளின் மேல் மெல்லிய ஈரப்படலம் படிந்தாலே ஸ்பிரிங் இல்லாமலும் துடிப்பு தாவிவிடும். யாரும் தொடாத விசை தானாக எழுத்துப் போட்டு, நன்றாகக் காய்ந்ததும் நின்றுவிட்டால் ஈரம்தான் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: இயக்கிய உடனே அடிப்படை அளவைப் படித்து வைத்துக்கொள்ளும் கெபாசிட்டிவ் கீபோர்டுகள் இருக்கின்றன. அவற்றைச் செருகும்போது ஒரு விசையில் கை இருந்தால், அழுத்திய நிலையையே ஓய்வுநிலை என்று எடுத்துக்கொண்டு அந்த விசை வேலை செய்யாது. கழற்றி, கையை எடுத்துவிட்டு மறுபடி செருகினால் சரியாகிவிடும்.

1980-களின் ஆப்பிள் லிசா, காம்பாக் போர்ட்டபிள் கணினிகளில் ஸ்பிரிங்கின் இடத்தில் ஸ்பாஞ்ச் துண்டும் அதன் அடியில் உலோகம் பூசிய பிளாஸ்டிக் தாளும் இருந்தன. அந்த ஸ்பாஞ்ச் காலப்போக்கில் பொடியாக உதிர்ந்துவிடுகிறது. தாள் பட்டைக்கு அருகில் வருவதில்லை, எழுத்தும் விழுவதில்லை. பழைய கணினிகளைப் பாதுகாப்பவர்கள் ஒவ்வொரு விசையையும் கழற்றி, ஸ்பாஞ்சும் தாளும் சேர்ந்த வட்டங்களைப் புதிதாக வெட்டி வைக்கிறார்கள். கீழே இருக்கும் செப்புப் பட்டைகளை எதுவும் உரசித் தேய்த்ததே இல்லை. அதனால் வட்டங்களை மாற்றியதுமே பல விசைகள் மறுபடி எழுத ஆரம்பித்துவிடுகின்றன.