பெட்டி கேட்கும் முன்பே விழும் குக்கீ

பட்டுச்சேலை விற்கும் ஒரு இணையக் கடை, பாரிஸுக்கும் அனுப்புகிறது, விலையை யூரோவிலும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தளத்தை க்ரோமில் மறைநிலைச் சாளரத்தில் திறந்து, F12 தட்டி, Application பகுதியில் Cookies என்பதைப் பாருங்கள். 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று கேட்கும் பெட்டி கீழே நிற்கிறது. நாம் இன்னும் எதையும் தொடவில்லை. ஆனால் பட்டியலில் மூன்று பெயர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன: cart, _ga, _fbp.

முதலாவது, கடையின் சர்வர் இப்படி அனுப்பியது:

```
Set-Cookie: cart=8f21; Max-Age=604800; Secure
```

604800 வினாடி என்றால் ஏழு நாள். இந்தச் சின்னத் தகவல் துண்டுதான் குக்கீ. பிரவுசர் இதை வைத்துக்கொண்டு, அந்தத் தளத்துக்குப் போகும்போதெல்லாம் திருப்பிக் காட்டும். கூடையில் போட்ட சேலை மறுநாளும் இருப்பது அதனால்தான். கேட்ட சேவைக்கே தேவை என்பதால் ஐரோப்பியச் சட்டப்படி இதற்கு அனுமதி வேண்டாம்.

_ga கூகுள் அனலிட்டிக்ஸ் வைப்பது, வழக்கமாக இரண்டு வருடம் இருக்கும். _fbp மெட்டாவின் விளம்பரக் கணக்குக்கானது, 90 நாள். இவை இரண்டுக்கும் முன்கூட்டியே சம்மதம் வேண்டும். 2019 அக்டோபரில், பிளானட்49 என்ற ஜெர்மன் பரிசுப்போட்டித் தளத்தின் வழக்கில், முன்பே டிக் அடித்து வைத்த கட்டம் சம்மதமாகாது என்றது ஐரோப்பிய நீதிமன்றம். குக்கீ எத்தனை நாள் இருக்கும், வேறு யார் அதைப் பார்க்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும் என்றது.

கோளாறு எங்கே? சம்மதம் கேட்கத் தளத்தில் சேர்க்கும் பல ப்ளகின்கள் பெட்டியை மட்டும் காட்டும், _ga, _fbp வைக்கும் ஸ்கிரிப்டைப் பிடித்து நிறுத்தாது. சரிசெய்தபின் 'மறுக்கிறேன்' அழுத்தி, பக்கத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள். cart-உம், உங்கள் பதிலை நினைவு வைக்கும் குக்கீயும் மட்டும் இருந்தால் சரி. குக்கீ அறிவிப்பில் எழுத வேண்டியதும் இந்தப் பட்டியல்தான்: பெயர், வைப்பவர், எதற்கு, எத்தனை நாள்.

தனியுரிமைக் கொள்கைக்கு இந்தத் திரை போதாது. வாங்குபவரின் போன் நம்பர் கூரியர்காரரிடம் போவதும், பில் விவரம் கணக்காளரிடம் போவதும் எந்தக் குக்கீயிலும் தெரியாது. ஆகவே ஒரே ஒரு ஆர்டரைப் பின்தொடர்ந்து, அது யார் கையில் எல்லாம் படுகிறது, எவ்வளவு காலம் தங்குகிறது, அழிக்கச் சொல்ல யாரைக் கேட்பது என்று எழுதுங்கள். வேறெங்கோ நகலெடுத்ததை எளிதில் கண்டுபிடித்துவிடலாம்: சேலைக்கடைக் கொள்கையில் கலிஃபோர்னியா வாசிகளின் உரிமை நீளமாக இருக்கும், கூரியர் பற்றி ஒரு வரியும் இருக்காது. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மத அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்கும் வசதி தரச் சொல்கிறது. தமிழும் அதில் உண்டு.

விதிமுறைப் பக்கம் வேறு சங்கதி, அது கொடுக்கல் வாங்கல் ஒப்பந்தம். சாயம் போன சேலையை எத்தனை நாளில் திருப்பலாம், அனுப்பும் செலவு யாருடையது என்பதெல்லாம் அங்கே. கடையின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அதிகாரியின் பெயர் ஆகியவற்றைத் தளத்தில் காட்டச் சொல்கின்றன இந்தியாவின் 2020 மின்வணிக விதிகள். புகார் கிடைத்ததை அந்த அதிகாரி 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 'வாங்கினால் விளம்பரக் குக்கீக்கும் சம்மதித்ததாகப் பொருள்' என்று இந்தப் பக்கத்தின் பதினான்காவது பத்தியில் செருகி வைத்தால், பாரிஸ் வாடிக்கையாளர் விஷயத்தில் அது செல்லாது.