மளிகைக் கடை பெயரில் போன பணம்

கணக்கு எழுதும் என்னிடம் இந்த வருடத்தில் இப்படி வந்த நான்காவது ஆள் இவர். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஸ்டேட்மெண்டை மேசையில் போட்டார். "யாரோ அக்கவுண்டை ஹேக் பண்ணிட்டாங்க சார்." மூன்று வாரத்தில் 23 பேமெண்ட், ₹38,500. ஒன்று மளிகைக் கடை பெயரில், ஒன்று செல்போன் சர்வீஸ் பெயரில், ஒன்று ஜவுளி. அதே பெயரில் அம்மாபேட்டையில் இருந்த செல்போன் கடைக்குப் போய்ச் சண்டையும் போட்டுவிட்டு வந்திருந்தார்.

தயவுசெய்து கடைக்குப் போகாதீர்கள். பணம் வாங்கியவரைப் பற்றி ஸ்டேட்மெண்டில் தெரிவது, பெரும்பாலும் பணம் போய் விழுந்த கணக்கின் பெயர்தான். பணம் எதற்காகப் போனது என்பதை அது சொல்லாது. அந்தக் கடை எங்கே இருக்கிறது, கடை என்று ஒன்று இருக்கிறதா என்பதையும் சொல்லாது. காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்குப் பணம் கைமாற்றித் தரக்கூடாது என்று வங்கிகளை 2025 மத்தியச் சட்டம் தடுக்கிறது. சூதாட்ட ஆப்கள் தங்கள் பெயரில் வசூலிக்க முடியாததால், யார் யாரோ பெயரில் வாங்கிய வியாபாரக் கணக்குகளின் க்யூஆரை மாற்றி மாற்றிக் காட்டுகின்றன. ஒரே ஆளின் டெபாசிட் ஐந்தாறு கடை பெயரில் நிற்பது இதனால்தான்.

எனக்குச் சந்தேகம் தந்தது பெயரல்ல. 500, 1000, 2000 என்று முழுத்தொகையாகவே இருந்தது. நேரம் பார்க்க யுபிஐ ஆப்பைத் திறக்கச் சொன்னேன். எல்லாம் இரவு பதினொன்றுக்கு மேல். மளிகைக் கடையில் யாரும் நடுராத்திரியில் இப்படி முழுத்தொகைக்கே வாங்குவதில்லை.

ஒவ்வொரு யுபிஐ வரியிலும் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். இந்த மாதிரி ஆப்கள் பணம் கட்டியதும் அந்த எண்ணை டைப் செய்யச் சொல்லும். அதை வைத்துத்தான் வாலட்டில் தொகையை ஏற்றும். ஆகவே ஆப்பின் டெபாசிட் ஹிஸ்டரியில் அதே எண் கிடக்கும். அண்ணன் போனில் ஒன்றுமில்லை. கல்லூரியில் படிக்கும் மகனைக் கூப்பிட்டுத் திட்டாமல் கேட்டோம். அவன் போனில் க்யூஆர் வரும், அப்பா போனால் ஸ்கேன் செய்வான். கம்பி வாங்க அனுப்பும்போது பின் நம்பர் சொல்லிக் கொடுத்தது அண்ணன்தான். 23 எண்ணும் பொருந்தின.

"மளிகைச் செலவுன்னு எழுதிடலாமா சார்?" முடியாது, அண்ணே. நீங்கள் சொந்தத்துக்கு எடுத்த பணம் என்றுதான் கணக்கில் போகும்.

எண் பொருந்தவில்லை, வீட்டில் யாரும் செய்யவில்லை என்றால் விஷயம் வேறு. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள், வங்கியிலும் எழுதிக் கொடுங்கள். பெறுபவரின் முழு விவரத்தை வங்கி உங்களிடம் தராது, போலீஸ் கேட்டால்தான் தரும். ஆனால் சொந்தப் பின் போட்டு அனுப்பியதை ஹேக் என்று எழுதாதீர்கள்; எந்தப் போனிலிருந்து போனது என்பது வங்கியிடம் பதிவாகியிருக்கும்.

அப்புறம், ஜெயித்த பணம் என்று மகன் கணக்குக்கு இரண்டு முறை முகம் தெரியாத ஆள் பெயரில் ₹1,500 வந்திருக்கிறது. அது எங்கோ ஏமாந்த ஒருவரின் பணமாக இருந்து, அவர் புகார் கொடுத்தால், மகன் கணக்கில் அந்தத் தொகை முடக்கப்படலாம். அந்த இரண்டு வரியையும் தேதியோடு பிரிண்ட் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.