தாமதக் கட்டணம் ஐயாயிரம் மட்டும் அல்ல

2024 டிசம்பரில் என் மேசைக்கு வந்த நான்காவது நபர் அவர். 2023-24 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கை ஜூலை 31க்குள் தாக்கல் செய்யாமல், 20ஆம் தேதி இரண்டு ஃபார்ம் 16களுடன் வந்து, "ஐயாயிரம் ரூபாய்தானே சார், கட்டிவிடலாம்" என்றார். முன்பு வந்த மூவரும் இதே வாக்கியத்தைச் சொன்னவர்கள்தாம்.

ஐயாயிரம் என்பது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 234எஃப் பிரிவின்படி, உரிய தேதிக்குள் தாக்கல் செய்யாததற்கான கட்டணம் மட்டுமே. மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு அது ஆயிரம் ரூபாய். தாமதத்திற்கான கட்டணம் வேறு, கட்டாத வரிக்கான வட்டி வேறு என்பதை ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றைக் கட்டினால் மற்றது தள்ளுபடி ஆவதில்லை. வரி பாக்கியே இல்லாதவரும், வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டியிருந்தால், இந்தக் கட்டணத்தைக் கட்டத்தான் வேண்டும். வரி பாக்கி வைத்தவருக்கோ கட்டணத்துடன் வட்டியும் சேரும்.

வந்தவர் 2023 அக்டோபரில் வேலை மாறியிருந்தார். முதல் நிறுவனம் ஆறு மாதத்தில் 6 லட்சம் சம்பளம் கொடுத்து, ஆண்டுக்கு 12 லட்சம் என்று கணக்கிட்டு 42,900 ரூபாய் வரி பிடித்திருந்தது. இரண்டாவது நிறுவனம் தான் கொடுத்த 7 லட்சத்தை மட்டும் பார்த்து, நிலைக்கழிவு போக வரி இல்லை என்று முடிவு செய்து ஒரு ரூபாயும் பிடிக்கவில்லை. அந்த ஃபார்ம் 16இல் வரி பூஜ்யம் என்று இருந்ததைக் கண்டு இவரும் நிம்மதியாக இருந்துவிட்டார். பழைய சம்பள விவரத்தைப் படிவம் 12பி மூலம் புதிய நிறுவனத்திடம் கொடுத்திருந்தால், மார்ச்சுக்குள் மாதாமாதம் வரி பிடித்தம் ஆகியிருக்கும்.

இரண்டையும் சேர்த்தால் 13 லட்சம். நிலைக்கழிவு 50,000 போக 12,50,000. அந்த ஆண்டின் புதிய முறைப்படி வரி ஒரு லட்சம், செஸ் 4,000. பிடித்த 42,900ஐக் கழித்தால் பாக்கி 61,100.

பாக்கி 10,000 ரூபாயைத் தொட்டாலே முன்கூட்டிய வரி கட்டும் கடமை வந்துவிடுகிறது என்பதைச் சம்பளக்காரர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. அதை நான்கு தவணைகளில் கட்டாததற்கு 234சி பிரிவின்படி 3,080 ரூபாய். மார்ச் முடிந்தும் கட்டாததற்கு 234பி பிரிவின்படி ஏப்ரல் 1 முதல் மாதம் 1 சதவீதம். டிசம்பர் வரை ஒன்பது மாதத்திற்கு 5,499. கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்ததற்கு 234ஏ பிரிவின்படி ஆகஸ்ட் முதல் ஐந்து மாதத்திற்கு 3,055. இவற்றுடன் கட்டணம் 5,000 சேர்ந்து மொத்தம் 16,634. வரியையும் கூட்டினால் அவர் கட்ட வேண்டியது 77,734 ரூபாய். தாளில் நான் கூட்டி முடிக்கும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

இங்கே மாதம் என்பது நாள் கணக்கு அல்ல; மாதத்தில் ஒரு நாள் கடந்தாலும் முழு மாத வட்டி. நவம்பர் 30இல் வந்திருந்தால் 234ஏ, 234பி இரண்டிலும் தலா ஒரு மாதம், அதாவது 1,222 ரூபாய், மிஞ்சியிருக்கும்.

தயவுசெய்து ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். ஆவணங்கள் வந்து சேரவில்லை, கணக்கைத் தாக்கல் செய்ய இயலாது என்றாலும், வரியை ஜூலை 31க்குள் கட்டிவிட முடியும். உரிய தேதிக்குமுன் கட்டிய வரிக்கு 234ஏ வட்டி விதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பிரணாய் ராய் வழக்கில் தீர்ப்பளித்து, வருமான வரித்துறையும் 2015இல் சுற்றறிக்கையாக ஏற்றுக்கொண்டது. இவர் ஜூலையிலேயே வரியையும் அதுவரையான வட்டியையும் சேர்த்து 66,624 கட்டியிருந்தால், டிசம்பரில் ஐயாயிரம் கட்டணம் மட்டுமே மீதமிருந்திருக்கும். 6,110 ரூபாய் அவர் கையிலேயே இருந்திருக்கும். கணக்கைத் தாக்கல் செய்யும் நாளில்தான் வரி கட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

வேலை மாறியவர்கள் ஜூன் மாதமே இரண்டு ஃபார்ம் 16களையும் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தையும் பக்கத்தில் வைத்து மொத்த வரியைக் கூட்டிப் பாருங்கள். பாக்கி இருந்தால், கட்டும்போது சலானில் சுயமதிப்பீட்டு வரி என்பதைத் தேர்ந்தெடுங்கள். தாமதமானால் வட்டியையும் கட்டணத்தையும் சேர்த்தே கட்டுங்கள். வரிக்கு மட்டும் பணம் கட்டிவிட்டதாக நீங்கள் நினைத்தாலும், 140ஏ பிரிவின்படி அந்தப் பணம் முதலில் கட்டணத்திற்கும், அடுத்து வட்டிக்கும், எஞ்சியது மட்டுமே வரிக்கும் வரவு வைக்கப்படும். அன்று இவர் 61,100 மட்டும் கட்டியிருந்தால், 16,634 ரூபாய் வரி பாக்கியாகவே நின்றிருக்கும்.