1042-S படிவத்தில் CE என்றால் இலங்கைதான், SN என்றால் சிங்கப்பூர்தான்: மாற்றச் சொல்லும் முன் படியுங்கள்

அமெரிக்கப் பங்குகளில் ஈவுத்தொகை வாங்கும் இலங்கைக்காரருக்கும், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையில் படிக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் 1042-S என்ற படிவம் வரும். எவ்வளவு வருமானம், எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டும் தாள் அது. அதில் 13b என்ற கட்டத்தில் இரண்டே எழுத்து இருக்கும். நீங்கள் எந்த நாட்டின் வரிச் சட்டப்படி அங்கே வசிப்பவர் என்பதற்கான குறியீடு அது. வரி ஒப்பந்தச் சலுகை கிடைப்பதும் நிற்பதும் பல நேரம் இந்த இரண்டு எழுத்தில்தான் தொங்குகிறது.

சிக்கல் என்னவென்றால், அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் இந்தக் கட்டத்துக்குக் கேட்பது நாம் எங்கும் பார்க்கும் ஐஎஸ்ஓ குறியீடு அல்ல. அமெரிக்க அரசு தன் அலுவலகங்களுக்காக வைத்திருந்த ஃபிப்ஸ் 10-4 என்ற பழைய பட்டியலின் வழிவந்த குறியீடு. அந்தத் தரநிலையை 2008-இலேயே விலக்கிவிட்டார்கள். ஆனாலும் வரிப் படிவங்களில் அதன் எழுத்துகள் இன்றும் ஓடுகின்றன.

பழைய பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரிலிருந்து எழுத்தை எடுத்தது. அதனால் ஜெர்மனி GM, சுவிட்சர்லாந்து SZ. ஐஎஸ்ஓ பல இடங்களில் அந்தந்த நாட்டார் சொல்லும் பெயரைப் பார்த்தது. அதில் ஜெர்மனி DE, சுவிட்சர்லாந்து CH. இலங்கை 1972-இல் சிலோன் என்ற பெயரைக் கைவிட்டது. ஐஎஸ்ஓ 3166 வெளிவந்தது 1974-இல், அதில் இலங்கை LK. பழைய பட்டியலிலோ சிலோன் இன்னும் உயிரோடு இருக்கிறது: CE.

இந்தியாவுக்கு இரண்டிலும் IN, மலேசியாவுக்கு இரண்டிலும் MY. அதனால் அந்த நாட்டுக்காரர்கள் வருடக்கணக்கில் படிவம் நிரப்பியும் இப்படி ஒரு வேறுபாடு இருப்பதே தெரியாமல் இருப்பார்கள். அவர்களிடம் யோசனை கேட்கும் இலங்கை, சிங்கப்பூர், ஆஸ்திரேலியத் தமிழர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தவறு இரண்டு வகையில் வரும். ஒன்று சத்தம் போடும், இன்னொன்று சத்தமே இல்லாமல் போகும்.

இலங்கைக்கு LK என்று போட்டால் ஐஆர்எஸ் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. மென்பொருள் ஏற்காது. உடனே தெரிந்துவிடும் என்பதால் இது நல்லதுதான். ஆனால் நிரப்புகிறவர் அவசரத்தில் OC என்ற 'வேறு நாடு' குறியீட்டைப் போட்டுத் தள்ளிவிட்டால், ஒப்பந்தம் உள்ள நாடு என்பதே மறைந்துவிடும். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் உண்டு, சாதாரண ஈவுத்தொகைக்கு 15 சதவீதம். ஒப்பந்தம் கணக்கில் வராவிட்டால் 30 சதவீதம். 1,000 டாலர் ஈவுத்தொகையில் 150 டாலர் போக வேண்டிய இடத்தில் 300 போகும்.

சத்தமில்லாத தவறுதான் ஆபத்து, ஏனென்றால் போட்ட எழுத்து இன்னொரு நாட்டுக்குச் செல்லுபடியாகும். ஐஆர்எஸ் பட்டியலில் சிங்கப்பூர் SN, செனகல் SG. ஐஎஸ்ஓவில் அப்படியே தலைகீழ். ஐஆர்எஸ் பட்டியலில் ஆஸ்திரேலியா AS, ஆஸ்திரியாதான் AU. சீனா CH, சுவிட்சர்லாந்து SZ. வங்கதேசம் BG, பெர்முடா BD. எந்த மென்பொருளும் இங்கே மறுப்புச் சொல்லாது.

சீன மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சீனாவுடனான ஒப்பந்தத்தின் 20-ஆவது பிரிவு, மாணவரின் சம்பளத்தில் ஆண்டுக்கு 5,000 டாலர் வரை வரிவிலக்குத் தருகிறது. பல்கலைக்கழகம் 1042-S-இல் வருமானக் குறியீடு 20 போட்டு, 3a கட்டத்தில் ஒப்பந்த விலக்குக்கான 04 போட்டு, 13b-யில் CN என்று எழுதிவிட்டது. சம்பளப் பிரிவின் தரவுத்தளம் ஐஎஸ்ஓவில் இருக்கிறது, ஏற்றுமதி செய்யும்போது யாரும் மாற்றவில்லை. ஐஆர்எஸ் பட்டியலில் CN என்றால் கொமொரோஸ். அந்த நாட்டோடு அமெரிக்காவுக்கு வரி ஒப்பந்தமே கிடையாது. வெளிநாட்டவர் தாக்கல் செய்யும் 1040-NR என்ற வருமான வரிக் கணக்கில் மாணவர் சீன ஒப்பந்தம் என்கிறார், அவருக்காக அனுப்பப்பட்ட படிவம் கொமொரோஸ் என்கிறது. பொருந்தாத இந்த இரண்டுக்கும் பதில் சொல்லும் பாரம் மாணவர் தலையில் விழுகிறது, தவறு அவருடையதாக இல்லாதபோதும்.

இனி, அடிக்கடி நடக்கும் எதிர்த்திசைத் தவறு. சிங்கப்பூர்வாசி தன் படிவத்தில் SN என்று பார்க்கிறார். இணையத்தில் தேடினால் செனகல் என்று வருகிறது. பதறிப்போய் அலுவலகத்துக்கு எழுதுகிறார். அங்கே இருப்பவருக்கும் தெரியாது, SG என்று 'திருத்தி' அனுப்பிவிடுகிறார். சரியாக இருந்தது தவறாகிவிட்டது. ஆகவே எதையும் கேட்கும் முன் IRS.gov/CountryCodes என்ற ஒரே பக்கத்தில் மட்டும் ஒப்பிடுங்கள். பொதுத் தேடல், இணையதள முகவரியின் வால், பாஸ்போர்ட்டில் உள்ள மூன்றெழுத்து எதுவும் இதற்குச் சாட்சி ஆகாது.

இன்னொரு பொறி: 13b கேட்பது குடியுரிமையை அல்ல. யாழ்ப்பாணத்தில் பிறந்து, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு மெல்பேர்னில் வரி கட்டி வாழ்பவருக்கு அங்கே வர வேண்டியது AS, CE அல்ல.

உண்மையிலேயே தவறு இருந்தால், எழுத வேண்டியது ஐஆர்எஸ்ஸுக்கு அல்ல, படிவத்தின் 12-ஆம் கட்டத்தில் பெயர் உள்ள வரி பிடித்த நிறுவனத்துக்கு. தொலைபேசியில் கேட்டால் 'கணினியில் அப்படித்தான் வருகிறது' என்று முடித்துவிடுவார்கள். எழுத்தில் கேளுங்கள். 13b-யில் இப்போது என்ன இருக்கிறது, ஐஆர்எஸ் பட்டியல்படி அது எந்த நாடு, என்ன இருக்க வேண்டும் என்று மூன்று வரி போதும். திரும்பி வரும் படிவத்தில் மேலே AMENDED கட்டம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், திருத்த எண் 1 இருக்க வேண்டும், பத்து இலக்க அடையாள எண் பழைய படிவத்தில் உள்ளதாகவே இருக்க வேண்டும். புது எண்ணோடு புதுப் படிவம் வந்தால் வாங்கிக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். ஒரே வருமானம் இரண்டு முறை வந்ததாகக் கணக்கில் ஏறும்.

கூடுதலாகப் பிடித்த பணத்தை நிறுவனமே திருப்பித் தர மார்ச் 15 வரைதான் பொதுவாக வழி உண்டு. படிவம் வரும் வரை காத்திராமல் ஜனவரியிலேயே கேட்பது நல்லது. அது தாண்டினால் 1040-NR தாக்கல் செய்து ஐஆர்எஸ்ஸிடம்தான் கேட்க வேண்டும், திருத்திய 1042-S-ஐ இணைத்து. பணம் வர ஆறு மாதம் வரை ஆகலாம். திருத்தாத படிவத்தோடு அனுப்பினால் அதற்கும் மேல் இழுக்கும்.

அடுத்த ஆண்டும் இதே கதை ஆகாமலிருக்க, வரி பிடிக்கும் நிறுவனத்துக்கு நீங்கள் நிரப்பித் தரும் W-8BEN என்ற படிவத்தில் நாட்டின் பெயரைச் சுருக்காமல் முழுதாக எழுதுங்கள். குறியீடு கேட்காத இடத்தில் குறியீடு வேண்டாம். அந்தப் படிவம் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் முடிவு வரை செல்லும் என்பதால், அதில் விழுந்த தவறும் அத்தனை காலம் கூடவே வரும்.

இதே ஐஆர்எஸ், வெளிநாட்டு வங்கிகள் ஃபாட்கா சட்டப்படி அனுப்பும் கணக்கு விவரங்களில் ஐஎஸ்ஓ குறியீட்டைத்தான் கேட்கிறது. ஒரே ஆள் அந்தக் கோப்பில் LK, 1042-S-இல் CE என்று இருந்தால் இரண்டும் சரி. வங்கி ஊழியர் இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.