‘ேவலூர்’ மறுபடி வேலூர் ஆன கதை

வேலூரில் ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்க்காரர்களை நம்பியே நடக்கும் லாட்ஜுகள் ஏராளம். அப்படி ஒரு லாட்ஜின் உரிமையாளர் மூன்று மடிப்பு பிரோஷர் ஒன்றைக் கொண்டுவந்தார். வாடகையும் போன் நம்பரும் மாற வேண்டும். “நம்பரை மட்டும் மாத்திக் குடுங்க தம்பி, பத்து நிமிஷ வேலைதானே?” என்றார். அதன் இன்டிசைன் கோப்பு இருந்த ஹார்ட் டிஸ்க் எப்போதோ செத்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப் மட்டும்தான் மிச்சம்.

பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நானும்தான் நினைத்தேன். பிடிஎஃப்பை நேரடியாகத் திறந்து நம்பரை மாற்றினேன். ஒன்பது இலக்கங்கள் ஒழுங்காக விழுந்தன. 7 மட்டும் வெறும் கட்டமாக நின்றது. காரணம் எளியது. பழைய நம்பரில் 7 கிடையாது. அந்தத் தடித்த எழுத்துருவில் 7 பிரோஷரில் வேறெங்கும் வரவும் இல்லை. பிடிஎஃப் உருவாகும்போது எழுத்துரு முழுவதும் உள்ளே போவதில்லை, பயன்பட்ட வடிவங்கள் மட்டுமே போகும். `pdffonts` கட்டளை இதைக் காட்டிக்கொடுக்கும்:

```
name                       type          encoding    emb sub uni
QWKZTA+NotoSansTamil-Bold  CID TrueType  Identity-H  yes yes yes
HDRMPL+Bamini              TrueType      WinAnsi     yes yes no
```

பெயருக்கு முன்னால் நிற்கும் ஆறு எழுத்தும் கூட்டல் குறியும், `sub` என்பதன் கீழே உள்ள `yes`உம், இது துண்டு எழுத்துரு என்பதற்கு அடையாளம். முழு எழுத்துருவைத் தேடி நிறுவாமல் துண்டில் இல்லாத ஒரு இலக்கத்தைக்கூடச் சேர்க்க முடியாது. சரி, அப்படியானால் முழுதாகத் திரும்பக் கட்டுவதே மேல் என்று உட்கார்ந்தேன்.

அதற்குப் பிடிஎஃப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அழுத்திச் சுருக்கப்பட்ட கோப்பை `qpdf --qdf in.pdf out.pdf` என்று விரித்தால், ஒரு பக்கத்தின் எழுத்துப் பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
BT
/F2 11 Tf
28.35 512.3 Td
<0012003400410007> Tj
0 -15.5 Td
```

F2 என்ற எழுத்துருவை 11 புள்ளி அளவில் எடு, இடமிருந்து 28.35, கீழிருந்து 512.3 புள்ளியில் நில், இந்த நான்கு வடிவங்களை வரை, 15.5 புள்ளி கீழே இறங்கு. இவ்வளவுதான். பத்தி என்றோ தலைப்பு என்றோ பட்டியல் என்றோ எதுவும் இதற்குத் தெரியாது. அச்சுக்கோர்ப்பவர் கட்டி முடித்த பக்கத்தைப் போல எல்லாம் இடத்தில் இருக்கும், எது எதோடு சேர்ந்தது என்பது மட்டும் இருக்காது.

ஆனால் இதில் ஒரு லாபம் உண்டு. தொலைந்த அளவுகள் எல்லாம் எண்களாகவே கிடைக்கின்றன. ஒரு அங்குலத்துக்கு 72 புள்ளி, ஆகவே 28.35 புள்ளி என்றால் சரியாக 10 மில்லிமீட்டர் ஓரம். வரி இடைவெளி 15.5. மடிப்புக் கோடுகளும் இப்படித்தான் கிடைத்தன. வெளிப்பக்கத்தின் இடது கோடியில் இருந்த வண்ணப் பட்டை 274.96 புள்ளியில் முடிந்தது, அதாவது 97 மில்லிமீட்டர். ஏ4 தாளின் 297ஐ மூன்றாகச் சமமாக வகுத்தால் 99 வர வேண்டும். முதலில் செய்தவர் விவரமானவர்: உள்ளே மடியும் இதழை 97 ஆக்கி மற்ற இரண்டையும் 100 ஆக வைத்திருக்கிறார். அப்படிச் செய்யாவிட்டால் உள்ளிதழின் நுனி மடிப்பில் முட்டித் துருத்தும். உள்பக்கத்தில் இந்த 97 வலது கோடிக்குப் போய்விடும் என்பதை மறந்தால் மொத்த அச்சும் வீண்.

படங்களுக்கு `pdfimages -list` போதும். கோட்டை அகழியின் படம் 96 மில்லிமீட்டர் அகலத்தில் அச்சாகியிருந்தது, உள்ளே இருந்ததோ 567 பிக்சல்தான். அங்குலத்துக்கு 150. ஆஃப்செட்டுக்கு வழக்கமாகக் கேட்பது 300. பிடிஎஃப் ஆக்கியபோது தூக்கி எறியப்பட்ட பிக்சலை எந்த மந்திரத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. உரிமையாளரிடம் சொல்லி, ஒரு காலை வேளையில் கோட்டைக்குப் போய்ப் புதிதாகவே எடுத்துவந்தோம்.

உண்மையான சிக்கல் தமிழில்தான். மேலே உள்ள நான்கு வடிவங்கள் ‘வேலூர்’ என்ற சொல். நாம் தட்டச்சு செய்யும்போது முதலில் வ, பிறகு ஏகாரக் குறி. கணினியும் அந்த வரிசையில்தான் சேமிக்கிறது. ஆனால் தாளில் இரட்டைக் கொம்பு வகரத்துக்கு இடப்பக்கம் நிற்கிறது. பிடிஎஃப்புக்குத் தெரிந்தது தாளின் வரிசை மட்டுமே: கொம்பு, வ, லூ, ர். ஒவ்வொரு வடிவமும் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை ஒன்று உள்ளே இருக்கிறது (`uni` என்பதன் கீழே `yes` என்றிருப்பது அதைத்தான் குறிக்கிறது). அதன் வழியாக நகலெடுத்தால் ‘ேவலூர்’ என்று கொம்பு முன்னால் தொங்கிக்கொண்டு வருகிறது. ‘கொசுவலை’ எல்லாம் ‘ெகாசுவைல’. பைத்தானில் இரண்டே வரியில் சீராகும்:

```
s = re.sub(r'([\u0bc6-\u0bc8])(க்ஷ|[க-ஹ])', r'\2\1', s)
s = unicodedata.normalize('NFC', s)
```

முதல் வரி ெ, ே, ை மூன்றையும் அடுத்த மெய்க்குப் பின்னால் தள்ளுகிறது. இரண்டாவது, பிரிந்து கிடக்கும் ெ, ா இரண்டையும் ஒரே ‘ொ’ ஆக்குகிறது. இதைக் குருட்டுத்தனமாக ஓட்டக் கூடாது. சில பிடிஎஃப்கள் சரியான வரிசையிலேயே எழுத்தைத் தரும். அதன்மேல் இதை ஓட்டினால் நல்ல ‘வேலை’ கெட்டுப்போகும். ஒரு சொல்லை ஒட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

தலைப்புகள் பாமினியில் இருந்தன. ‘தமிழ், இந்தி, வங்காளம் பேசுவோம்’ என்ற வரியின் முதல் சொல்லை நகலெடுத்தால் `jkpo;` என்று வந்தது. பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள், j என்றால் த, kp என்றால் மி. இதற்குப் பாமினி மாற்றி ஒன்று போதும். பார்க்கக் குப்பையாக இருந்தாலும் ஒருவகையில் இதுதான் சுலபம். யூனிகோடு எழுத்துருவில் அந்த அட்டவணை பழுதாகிவிட்டால் அதைவிடக் குப்பை, திரும்பத் தட்டச்சு செய்வதைத் தவிர வழியில்லை.

அப்புறம் கட்டும் வேலை. பழைய பிடிஎஃப்பை இன்டிசைனில் அடி அடுக்காக வைத்துப் பூட்டி, அளவுகளின்படி சட்டங்கள் போட்டு, சீர்செய்த எழுத்தை ஊற்றினேன். `World-Ready Paragraph Composer` என்பதைத் தேர்வு செய்யாவிட்டால் தமிழ் அங்கேயும் சிதறும். கடைசியில் பழையதை மேலே கொண்டுவந்து `Difference` முறையில் வைத்தேன். இரண்டும் ஒத்துப்போகும் இடம் கறுப்பாகிவிடும், ஒரு வரி அரைப் புள்ளி நகர்ந்திருந்தாலும் ஓரம் பளிச்சென்று தெரியும். புதிய நம்பர், வாடகை, புதிய படம் மூன்றும் மட்டும் ஒளிர்ந்தன.

கறுப்பாகத் தெரிந்த இடத்திலும் ஒரு தவறு ஒளிந்திருந்தது. ‘சௌகரியம்’. கொம்பு, ச, அதன் பின்னால் ளகரம் போன்ற ஒரு வடிவம். அட்டவணை அதை உண்மையான ளகரம் என்றே சொல்லியிருந்ததால், திருத்தியபின் ‘செளகரியம்’ ஆகிவிட்டது. தாளில் வித்தியாசம் தெரியாது, தேடினால்தான் அகப்படாது. எல்லா ‘ெள’வையும் ‘ௌ’ ஆக மாற்றிவிடலாமே என்றால், ‘வெள்ளைத் துணி விரிப்பு’ என்ற வரி அதே பக்கத்தில் இருந்தது. ஆகவே ஒவ்வொன்றாகத் தேடிக் கையால் திருத்தினேன்.